கடிகாரம் சொல்லும் பொய்: குதிரையின் உண்மையான வேகத்தைக் கணக்கிடுவது எப்படி?

இரண்டு குதிரைகள். இரண்டும் 1200 மீட்டர் பந்தயத்தில் ஜெயித்தவை. முதல் குதிரை எடுத்துக்கொண்ட நேரம் 1 நிமிடம் 13.7 வினாடி. இரண்டாவது குதிரைக்கு 1 நிமிடம் 12.5 வினாடி. எது வேகமான குதிரை?

இதில் என்ன சந்தேகம், இரண்டாவதுதான் என்று எவரும் சொல்லிவிடுவார்கள். ஆனால், முதல் குதிரை ஓடியது மழையில் ஊறிப்போன தரையில். அதன் முதுகில் இருந்த சுமை 60 கிலோ. இரண்டாவது ஓடியது நன்கு காய்ந்த, இறுகிய தரையில். சுமந்தது வெறும் 52 கிலோ. இப்போது பதில் சொல்வது அத்தனை சுலபமில்லை.

இந்தச் சிக்கலை எண்களால் அவிழ்க்கும் வழிக்குப் பெயர்தான் வேக மதிப்பெண். பள்ளிக்கூடக் கணக்கு தெரிந்தால் போதும், ஒரு நோட்டுப் புத்தகத்தில் போட்டுவிடலாம்.

கணக்கு வாத்தியாரும் பத்திரிகையாளரும்

இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியைச் சேர்ந்த ஃபில் புல், லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துவிட்டு ஆசிரியராக வேலை பார்த்தவர். குதிரைகளின் ஓட்ட நேரத்தை அலசி, மதிப்பெண் போட்டு, அதைச் சந்தா கட்டியவர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த முயற்சிதான் வளர்ந்து, 1948-ல் 'டைம்ஃபார்ம்' என்ற நிறுவனமானது.

அமெரிக்காவில் இதே வேலையைப் பிரபலமாக்கியவர் ஆண்ட்ரூ பேயர் என்ற பத்திரிகையாளர். 1975-ல் வந்த அவரது புத்தகம், தரையின் நிலையை நாள்தோறும் எண்ணாக மாற்றும் வித்தையைச் சாதாரண ரசிகர்களுக்கும் சொல்லிக் கொடுத்தது. பேயரின் கணக்கில் சுமை சேராது. பிரிட்டிஷ் பாணிக் கணக்கில் சுமைக்குத் தனி இடம் உண்டு. இந்தியப் பந்தயங்களில் பலவும் 'ஹேண்டிகேப்' வகை. நன்றாக ஓடும் குதிரைக்கு அதிகச் சுமை, சுமாரான குதிரைக்குக் குறைந்த சுமை. ஜாக்கியின் எடை போதாவிட்டால் சேணத்தோடு ஈயத் துண்டுகளைச் சேர்ப்பார்கள். அதனால் நமக்குப் பொருந்துவது பிரிட்டிஷ் பாணிதான்.

முதல் படி: தூரம்

ஒரே மைதானத்தில் 1000, 1200, 1400, 1600 மீட்டர் என்று பல தூரங்களில் பந்தயம் நடக்கும். ஒவ்வொரு தூரத்துக்கும் ஒரு 'அடிப்படை நேரம்' தேவை. நல்ல தரை இருந்த நாட்களில் அந்தத் தூரத்தில் நடந்த பதினைந்து, இருபது பந்தயங்களின் வெற்றி நேரங்களை வரிசையாக எழுதி, நடுவில் நிற்கும் எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். சாதனை நேரத்தை எடுக்கக் கூடாது. அது என்றோ ஒருநாள் நடந்த அதிசயம். நமக்கு வேண்டியது வழக்கமான நேரம்.

ஒரு மைதானத்தின் எண் இன்னொரு மைதானத்துக்குப் பொருந்தாது. வளைவுகள், ஏற்ற இறக்கம் எல்லாமே ஊருக்கு ஊர் வேறு.

நம் உதாரண மைதானத்தில் 1200 மீட்டரின் அடிப்படை நேரம் 1 நிமிடம் 12.5 வினாடி என்று வைத்துக்கொள்வோம். முதல் குதிரை 1.2 வினாடி தாமதம். 1.2 கிலோமீட்டர் தூரத்தில் 1.2 வினாடி என்றால், கிலோமீட்டருக்கு 1 வினாடி தாமதம். இப்படிக் கிலோமீட்டர் கணக்குக்கு மாற்றிவிட்டால், குறுகிய பந்தயத்தையும் நீண்ட பந்தயத்தையும் ஒரே தராசில் வைக்கலாம்.

இரண்டாம் படி: தரை

தரையின் நிலையை ரேஸ் உலகில் 'கோயிங்' என்பார்கள். பெனிட்ரோமீட்டர் என்ற கருவியின் முனையைப் புல்தரையில் இறக்கி, எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று அளப்பதும் உண்டு. அதிகம் இறங்கினால் தரை இளகியிருக்கிறது என்று பொருள். ஆனால், அந்தத் தரை குதிரைகளை எத்தனை வினாடி தாமதப்படுத்தியது என்பதைச் சொல்ல, அன்றைய பந்தயங்களே சாட்சி.

அந்த மழை நாளில் ஆறு பந்தயங்கள் நடந்தன. ஆறிலும் ஜெயித்த குதிரைகள், அடிப்படை நேரத்தைவிடக் கிலோமீட்டருக்கு எத்தனை வினாடி தாமதம் என்று எழுதிப் பார்த்தால்: 1.0, 1.4, 1.5, 1.5, 1.6, 3.4.

எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுத்தால் 1.73 வருகிறது. அது தவறு. கடைசியில் உள்ள 3.4 மற்றவற்றோடு ஒட்டவில்லை. அந்தப் பந்தயத்தில் யாரும் முன்னால் போக விரும்பாமல், ஜாக்கிகள் எல்லோரும் குதிரையை இழுத்துப் பிடித்து மெதுவாகக் கூட்டிப்போய், கடைசி 400 மீட்டரில் மட்டும் விரட்டியிருப்பார்கள். அது தரையின் குற்றமில்லை. ஆகவே, மிகப் பெரிய எண்ணையும் மிகச் சிறிய எண்ணையும் விட்டுவிட்டு, நடுவில் உள்ள நான்கின் சராசரியை எடுத்தால் 1.5. அன்றைய தரை, கிலோமீட்டருக்கு 1.5 வினாடியைத் தின்றிருக்கிறது.

நம் குதிரையோ 1 வினாடிதான் தாமதம். அப்படியானால், தரையின் பங்கைக் கழித்தபின், அது கிலோமீட்டருக்கு 0.5 வினாடி வேகமாகவே ஓடியிருக்கிறது!

மூன்றாம் படி: சுமை

வினாடியை எப்படிக் கிலோவோடு சேர்ப்பது? இதற்கு ரேஸ் உலகில் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. மூக்கு முதல் வால் வரையிலான ஒரு குதிரையின் நீளத்தை 'லெங்த்' என்பார்கள். ஒரு வினாடிக்கு ஐந்து லெங்த் என்பது தோராயக் கணக்கு. 1000 மீட்டரில் ஒரு லெங்த் என்பது ஏறக்குறைய 1.4 கிலோ சுமைக்குச் சமம். 1400 மீட்டரில் 1 கிலோ. 2000 மீட்டரில் 0.7 கிலோ. தூரம் கூடக் கூட, அதே சுமை குதிரையை அதிக லெங்த் பின்னுக்கு இழுக்கும் என்பதால் இப்படிக் குறைகிறது.

இந்த எண்களைச் சேர்த்துப் பார்த்தால் ஓர் அழகு தெரியும். எந்தத் தூரமானாலும், கிலோமீட்டருக்கு 1 வினாடி என்பது 7 கிலோவுக்குச் சமமாக வந்து நிற்கிறது. ஆக, மொத்தக் கணக்கும் ஒரே வரியில் அடங்கிவிடுகிறது:

மதிப்பெண் = சுமந்த கிலோ + (7 × கிலோமீட்டருக்கு எத்தனை வினாடி வேகம்)

முதல் குதிரை 60 கிலோ சுமந்தது. 0.5 வினாடி வேகம். ஏழால் பெருக்கினால் 3.5. மதிப்பெண் 63.5.

இரண்டாவது குதிரை அடிப்படை நேரத்திலேயே ஓடியது. ஆனால், அன்று தரை இறுகியிருந்ததால் எல்லாக் குதிரைகளுமே கிலோமீட்டருக்கு 0.5 வினாடி சீக்கிரம் வந்திருந்தன. ஊரே வேகமாக ஓடிய நாளில் இது மட்டும் வழக்கம்போல் ஓடியிருக்கிறது. எனவே 0.5 வினாடி பின்தங்கல். 52 கிலோவில் 3.5 கழிய, மதிப்பெண் 48.5.

கடிகாரத்தில் 1.2 வினாடி பின்தங்கிய குதிரை, கணக்கில் 15 கிலோ முன்னால் நிற்கிறது.

தோற்ற குதிரைக்கும் மதிப்பெண் உண்டு

முதல் குதிரைக்கு இரண்டரை லெங்த் பின்னால், 55 கிலோ சுமந்து இன்னொரு குதிரை வந்தது. இரண்டரை லெங்த் என்றால் அரை வினாடி. 1.2 கிலோமீட்டரால் வகுத்தால் கிலோமீட்டருக்கு 0.42 வினாடி. ஏழால் பெருக்க, ஏறக்குறைய 2.9 கிலோ. ஜெயித்த குதிரைக்குக் கிடைத்த 3.5-லிருந்து இதைக் கழித்தால் 0.6. ஆக, இதன் மதிப்பெண் 55.6. இன்னொரு நாள் இன்னொரு பந்தயத்தில் ஜெயித்த 48.5 குதிரையைவிட, இங்கே தோற்ற குதிரை மேல்!

அடுத்த மாதம் நம் இரண்டு வெற்றிக் குதிரைகளும் 1200 மீட்டரில் நேருக்கு நேர் வருகின்றன. முதல் குதிரைக்கு 62 கிலோ, இரண்டாவதுக்கு 53 கிலோ. மதிப்பெண்ணிலிருந்து புதுச் சுமையைக் கழித்தால் ஒன்றுக்கு 1.5 மிச்சம். மற்றொன்றுக்கு 4.5 பற்றாக்குறை. இடைவெளி 6 கிலோ. அந்தத் தூரத்தில் அது சுமார் ஐந்து லெங்த்.

எங்கே சறுக்கும்?

ஒரு பந்தயத்தில் ஓடிய அத்தனை குதிரைகளும் தங்கள் வழக்கத்தைவிட ஐந்தாறு கிலோ அதிகமாக மதிப்பெண் வாங்கினால், எல்லாமே ஒரே நாளில் பலசாலியாகிவிட்டன என்று நம்பக் கூடாது. தவறு தரைக் கணக்கில் இருக்கிறது. மூன்றாம் பந்தயத்துக்குப் பிறகு மழை கொட்டியிருந்தால், அந்த நாளுக்கு ஒரே எண் போதாது. மழைக்கு முன், மழைக்குப் பின் என்று இரண்டு எண் போட வேண்டும். புல்லைக் காப்பாற்ற உள் வேலியைத் தள்ளிப் போட்டிருந்தாலும் கணக்கு கெடும். வளைவில் ஓடும் தூரமே கூடிவிடும் அல்லவா?

அன்று ஓடியவை எல்லாமே கீழ்நிலைக் குதிரைகள் என்றால் இன்னொரு மயக்கம் வரும். குதிரைகளின் மந்தத்தைத் தரையின் ஈரம் என்று எடுத்துக்கொண்டுவிடுவோம்.

மெதுவாக நடந்த பந்தயத்தில் கிடைத்த குறைந்த மதிப்பெண்ணையும் அப்படியே நம்பக் கூடாது. திறமை உள்ள குதிரை மெதுவாக ஓடலாம். திறமை இல்லாத குதிரையால் வேகமாக ஓட முடியாது. அதனால்தான் ஒரு குதிரையின் கடைசி ஐந்தாறு ஓட்டங்களில், சிறந்த இரண்டு மதிப்பெண்களைப் பார்ப்பது வழக்கம்.

கூடவே, வளரும் வயதிலுள்ள மூன்று வயதுக் குதிரையை ஐந்து வயதுக் குதிரையோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது. 19-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் அட்மிரல் ரூஸ் வகுத்த வயதுக்கேற்ற சுமை அளவு, இதற்காகவே இன்றும் திருத்தங்களோடு புழக்கத்தில் இருக்கிறது.

கணக்கு வேறு, காசு வேறு

தமிழக அரசின் சட்டத்தை எதிர்த்து நடந்த வழக்கில், 1996-ல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமை சார்ந்தது என்று தீர்ப்பளித்தது. குதிரையின் வளர்ப்பு, பயிற்சி, ஜாக்கியின் திறமை எல்லாம் அதில் அடக்கம். இந்த மதிப்பெண்ணும் அப்படியொரு திறமைதான்.

ஆனால், கணக்கு சரியாக இருப்பதும் கையில் காசு மிஞ்சுவதும் ஒன்றல்ல. டோட்டில் விழும் பணத்தில் வரியும் கழிவும் போன பிறகுதான் மிச்சம் ஜெயித்தவர்களுக்குப் பிரியும். இந்த மதிப்பெண் போடத் தெரிந்தவர்களும் அதே ஜன்னலில்தான் நிற்கிறார்கள். எல்லோருக்கும் தெரிந்த நல்ல குதிரைக்குக் கிடைக்கும் விலை சொற்பம். ஐந்து லெங்த் முன்னால் வர வேண்டிய குதிரை, கதவு திறக்கும்போது தடுமாறினால் அந்தச் சொற்பமும் இல்லை.

ரேஸுக்குப் போய்க் கெட்ட குடும்பங்களின் கதை ஊருக்கு ஊர் உண்டு. பணம் வைக்காமல், பழைய பந்தய முடிவுகளை வைத்து ஆறு மாதம் நோட்டில் மட்டும் மதிப்பெண் போட்டுப் பார்த்தால், இந்தக் கணக்கு எத்தனை முறை சரியாக வருகிறது, எத்தனை முறை கைவிடுகிறது என்பது தெரிந்துவிடும். அந்த நோட்டின் விலை நாற்பது ரூபாயைத் தாண்டாது.