ஏழாம் கட்டில் பாட்டி ஏன் எழுந்திருக்கவில்லை?

பெண்கள் எலும்பு முறிவு வார்டில் ஏழாம் கட்டில். வயது 72. குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்துவிட்டது. உடைந்த தலைப்பகுதியை எடுத்துவிட்டு உலோக மூட்டு பொருத்தியிருக்கிறார்கள். இன்று அறுவை சிகிச்சை முடிந்த இரண்டாம் நாள். எழுப்பி உட்கார வைக்கலாம், வாக்கர் பிடித்து நிற்க வைக்கலாம் என்று மருத்துவர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். பாட்டியோ புரண்டுகூடப் படுப்பதில்லை.

இவர் இன்னார் என்று சுட்டக்கூடிய ஒருவரல்ல. எந்த எலும்பு வார்டிலும் காணக் கிடைக்கிற ஒரு நோயாளி. இவருக்கு ஒரு செவிலிய மாணவி ‘கேர் பிளான்’ எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நர்சிங் படிப்பவர்கள் வார்டு போஸ்டிங்கில் கட்டாயம் எழுதியாக வேண்டிய பராமரிப்புத் திட்டம் அது. மதிப்பிடுதல், திட்டமிடுதல், செய்தல், சரிபார்த்தல் என்று நான்கு படிகளாக இதை 1967-இல் யூரா, வால்ஷ் என்ற இரு அமெரிக்கச் செவிலியப் பேராசிரியர்கள் புத்தகமாக எழுதினார்கள். மதிப்பிட்டதிலிருந்து ‘பிரச்சினை இதுதான்’ என்று செவிலியர் தீர்மானிக்கும் படி பிறகு தனியாகப் பிரிந்தது. இப்போது ஐந்து படிகள். தாளில் அவை கட்டம் கட்டமாக நிற்கும். ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு ஒரு காரணம் ஓடுகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மாணவி முதலில் பாட்டியிடம் கேட்கிறார்: “பாட்டி, வலி இருக்கா?”

“வலியெல்லாம் ஒண்ணுமில்ல தாயி.”

அசையாமல் படுத்திருக்கும் ஒருவரிடம் இப்படிக் கேட்டால் இந்தப் பதில்தான் வரும். வலியை ஓய்விலும் அசைவிலும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லச் சொன்னால், படுத்திருக்கையில் 2 என்கிறார். ஒருக்களித்துத் திருப்ப முயன்றபோது கட்டில் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டு 7 என்கிறார். மாணவி இரண்டு எண்களையும், கம்பியைப் பற்றிய கையையும் எழுதிக்கொள்கிறார். நோயாளி சொன்னது ஒரு பக்கம், செவிலியர் கண்டது இன்னொரு பக்கம்.

திருப்பியபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. முதுகின் அடியில், வால் எலும்புக்கு மேலே, ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய இடம் நிறம் மாறியிருக்கிறது. விரலால் சில நொடி அழுத்தி எடுத்தால் நல்ல தோல் வெளுத்து மறுபடி சிவக்கும். வெளுக்காமலே இருந்தால் அது படுக்கைப் புண்ணின் முதல் நிலை. பாடப்புத்தகத்தில் இருக்கும் இந்தச் சோதனை வெளிர்தோலைப் பார்த்து எழுதப்பட்டது. நம் ஊர்க் கறுப்புத் தோலில் வெளுப்பதும் சிவப்பதும் எளிதில் தெரியாது. அதனால் மாணவி புறங்கையை வைத்துப் பார்க்கிறார். சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் சூடாகவும் கொஞ்சம் கெட்டியாகவும் இருக்கிறது. தொட்டால் பாட்டிக்கு நோகிறது. போதும், இதுவும் தாளில் ஏறுகிறது.

படுக்கைப் புண் வரும் அபாயத்தைக் கணிக்க ‘பிரேடன்’ என்றொரு அளவுகோல் உண்டு. உணர்வு, ஈரம், நடமாட்டம், படுக்கையில் அசைவு, உணவு, உராய்வு ஆகிய ஆறுக்கும் மதிப்பெண் போட்டால் கூட்டுத்தொகை 6 முதல் 23 வரை வரும். குறையக் குறைய ஆபத்து. 18 அல்லது அதற்குக் கீழே என்றாலே கவனிக்க வேண்டும். பாட்டிக்கு 14. நேற்று குடித்த தண்ணீர், கஞ்சி, காப்பி எல்லாம் சேர்த்து 600 மில்லி என்று பதிவேடு சொல்கிறது. சிறுநீர் அடர் மஞ்சள். சிறுநீர்க் குழாயை நேற்றே எடுத்துவிட்டார்கள். இந்தக் கடைசி மூன்று வரிகளை மாணவி எழுதிக்கொண்டார், ஆனால் எதனோடும் சேர்க்கவில்லை.

அடுத்தது பிரச்சினையை ஒரு வாக்கியமாக எழுதுவது. பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். “இடுப்பு எலும்பு முறிவு காரணமாக அசைவு குறைவு” என்று எழுதினால் இலக்கணப் பிழை ஏதுமில்லை, பயனும் ஏதுமில்லை. முறிவைச் சரிசெய்வது அறுவை மருத்துவரின் வேலை, அது முடிந்தும்விட்டது. செவிலியர் கை வைத்து மாற்றக்கூடிய காரணமாக இருந்தால்தான் அதிலிருந்து ஒரு செயல் பிறக்கும். மாணவி எழுதியது இது: அசையும்போது எழும் வலியால் படுக்கையில் புரளவும் எழவும் இயலாமை, சான்று, திருப்பும்போது வலி 7, கம்பியைப் பற்றுதல், இரண்டு நாளாக எழாமை. இரண்டாவது பிரச்சினை, ஒரே நிலையில் படுத்திருப்பதால் வால் எலும்பின் மேல் தோல் பாதிப்பு. காரணமும் சான்றும் உள்ளே இருப்பதால் இந்த வாக்கியத்தைத் தூக்கி எட்டாம் கட்டிலுக்கு ஒட்ட முடியாது. கையேட்டிலிருந்து நகலெடுத்த திட்டத்தை அடையாளம் காண இதுவே எளிய வழி: பக்கத்துக் கட்டிலுக்கும் அது பொருந்தும்.

இலக்குக்கு வருவோம். “நோயாளி நலமாக உணர்வார்” என்பதை நாளைக்கு யார் எப்படிச் சரிபார்ப்பது? “நோயாளியை இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்ப வேண்டும்” என்பது செவிலியரின் வேலை, நோயாளியின் இலக்கு ஆகாது. மாணவி எழுதுகிறார்: நாளை மாலை 6 மணிக்குள் பாட்டி வாக்கர் பிடித்து, ஒருவர் துணையோடு, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு இரண்டு முறை மாறி, ஒவ்வொரு முறையும் 20 நிமிடம் உட்காருவார், அப்போது வலி 4-ஐத் தாண்டாது. இது தோற்கக்கூடிய இலக்கு, ஆகவே பயனுள்ளது. தோலுக்கு இரண்டு நாள் தவணை: அந்த இடம் பெரிதாகக் கூடாது, தோல் உரியக் கூடாது.

காரணம் வலி என்று எழுதிவிட்டதால் செயல்களும் அங்கிருந்தே தொடங்குகின்றன. வலி மாத்திரை கொடுக்கும் நேரம் காலை 6 மணி. பிசியோதெரபிஸ்ட் வருவது 12 மணி. அவர் வருவதற்குள் மாத்திரையின் வேகம் அடங்கிவிடுகிறது. மாத்திரை நேரத்தைச் செவிலியர் தன் விருப்பப்படி மாற்ற முடியாது. மாணவி வார்டு சிஸ்டரிடம் சொல்ல, சிஸ்டர் மருத்துவரிடம் பேச, காலைத் தவணை 11 மணி என்று மாற்றி எழுதப்படுகிறது. பிறகு, இரண்டு மணிக்கு ஒருமுறை கால்களுக்கு நடுவே தலையணை வைத்து, முதுகைச் சுமார் 30 பாகை சாய்த்துப் படுக்க வைத்தல். முழுவதுமாக ஒருக்களித்தால் எடை இடுப்பின் பக்கவாட்டு எலும்பில் விழும். தலையணை இல்லாமல் கால்கள் குறுக்கே போனால் புதிய மூட்டு நழுவக்கூடும். குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொரு தலையணை. ஒவ்வொரு செயலுக்குப் பக்கத்திலும் ‘ஏன்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்ப முடியாத செயலை அடித்துவிடலாம்.

செய்யக் கூடாததும் எழுதப்படுகிறது. துணைக்கு இருக்கும் மருமகள் அந்தச் சிவந்த இடத்தில் தேங்காய் எண்ணெய் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். அன்பில் செய்ததுதான். ஆனால் அழுத்தத்தில் ஏற்கெனவே நொந்த திசு தேய்ப்பதால் மேலும் சிதையும். காற்று வளையத்தின் மேல் உட்கார வைப்பதும் அப்படியே; வளையத்தின் விளிம்பு அழுத்திச் சுற்றியுள்ள ரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடும்.

மறுநாள் மாலை 6 மணி. அசையும்போது வலி 4-க்கு இறங்கியிருக்கிறது. ஆனால் பாட்டி உட்கார்ந்தது ஒரே முறை, அதுவும் பத்து நிமிடம். இரண்டாம் முறை “நாளைக்குப் பாத்துக்கலாம்” என்று மறுத்துவிட்டார். தோல் அப்படியே இருக்கிறது. குடித்தது 700 மில்லி.

சரிபார்க்கும் கட்டத்தில் வழக்கமாக விழும் வாக்கியம் “இலக்கு ஓரளவு எட்டப்பட்டது, திட்டம் தொடரும்”. பல தாள்களில் அது முதல் நாளே, அதே மையில், மதிப்பெண்ணுக்காக எழுதி வைக்கப்பட்டிருக்கும். பாட்டியின் தாளில் அதை எழுத முடியாது. வலியால்தான் எழவில்லை என்றோம். வலி குறைந்தும் எழவில்லை. அப்படியானால் நாம் எழுதிய காரணம் போதவில்லை. மாணவி திரும்பிப் போய்க் கட்டிலருகே உட்கார்ந்து கேட்கிறார்: “வலி கொறஞ்சிருச்சுன்னீங்களே பாட்டி, அப்புறம் ஏன் எந்திரிக்க மாட்டேங்கிறீங்க?”

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வருகிறது. “உக்காந்தா ஒடனே ஒண்ணுக்கு முட்டுது. இத்தன பேரு நடுவுல அந்தச் சட்டியில எப்படி தாயி போறது? மருமக வேற அதத் தூக்கிட்டுப் போகணும். அதான் தண்ணியே குடிக்கிறதில்ல.”

எதனோடும் சேராமல் கிடந்த மூன்று வரிகளும் இப்போது இடம் பெறுகின்றன. பெட்பானுக்குக் கூசித் தண்ணீரைக் குறைக்கிறார், சிறுநீர் அடர்ந்து போகிறது, உட்காரவும் பயப்படுகிறார், படுத்தே இருப்பதால் தோல் நோகிறது. மலம் கழித்து மூன்று நாளாகிறது என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது. முதல் நாளே இதைக் கேட்டிருக்கலாமே என்று தோன்றும். முதல் நாள் சொல்லியிருப்பாரா என்பது சந்தேகம்.

பிரச்சினை வாக்கியம் மாற்றி எழுதப்படுகிறது: மறைவின்றிக் கழிப்பதில் உள்ள கூச்சத்தால் எழவும் நீர் அருந்தவும் தயக்கம். கட்டிலருகே துளையிட்ட கமோடு நாற்காலி, சுற்றிலும் திரை. நாற்காலியின் உயரம் முக்கியம். உட்காரும்போது முழங்கால் இடுப்பைவிட மேலே போகக் கூடாது, தொண்ணூறு பாகைக்கு மேல் மடங்கினால் மூட்டுக்கு ஆபத்து. காலையில் எழுந்ததும், இரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும், தூங்கப் போகும் முன்பும் என்று நான்கு நேரம் குறித்து, கேட்காமலே செவிலியரே வந்து எழுப்புவார். மருமகள் சுத்தம் செய்ய வேண்டியதில்லை. இதயமும் சிறுநீரகமும் சரியாக இருப்பதால் ஒன்றரை லிட்டர்வரை குடிக்கலாம் என்று மருத்துவரிடம் உறுதி செய்துகொண்டாயிற்று. இதில் எனக்கு மிகவும் பிடித்தது, கமோடுக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும் பயிற்சியாகிவிடுகிறது என்பது. தனியாக ‘எழுந்து உட்காருங்கள்’ என்று கெஞ்ச வேண்டியதில்லை.

அடுத்த நாள் மாலை: நான்கு முறை எழுந்தார், வலி 3, குடித்தது 1300 மில்லி, மதியம் மலம் கழித்தார். வால் எலும்பின் மேல் சூடு குறைந்திருக்கிறது, கெட்டித்தன்மை இன்னும் மிச்சம். எழும் இலக்கு எட்டப்பட்டது என்று தேதி, நேரத்தோடு எழுதப்படுகிறது. தோல் பற்றிய பிரச்சினை மூடப்படவில்லை. திருப்பிப் படுக்க வைப்பதும் தினமும் பார்ப்பதும் தொடர்கின்றன.

தாளில் புதிதாக ஒரு வரியும் சேர்ந்திருக்கிறது. வீட்டுக்கு அனுப்பும் பேச்சு தொடங்கியதும் மாணவி மருமகளிடம் கேட்டார்: “வீட்டுல என்ன மாதிரி கக்கூஸ் அக்கா?” குத்துக்காலிட்டு உட்காரும் வகைதான். அந்த நிலை புதிய மூட்டுக்கு ஆகாது. மூன்றாம் பிரச்சினை எழுதப்பட்டு, பாட்டி வீடு போவதற்குள் மகன் கமோடு நாற்காலி வாங்கி, கழிப்பறைச் சுவரில் கைப்பிடி பொருத்தி முடித்துவிட்டதாகச் சொல்ல வேண்டும் என்று இலக்கும் தேதியும் குறிக்கப்பட்டிருக்கின்றன. சரிபார்க்கும் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.