பேர் விழாத நாள் (தொடர் – 14)

சென்ற வாரம் பெரட்டுக் களத்தைப் பற்றி எழுதியிருந்தேன். இருள் பிரியுமுன் அரிக்கேன் விளக்கின் கீழ் நின்று ஆளுக்கு ஆள் பேரைக் கூப்பிட்டு, இன்னாருக்கு இன்ன நிரை என்று ஒதுக்கி அனுப்பும் அந்தக் காட்சியில் ஒரு சொல்லை மட்டும் விளக்காமல் விட்டுவிட்டேன். எங்கள் தோட்டத்தில் ஒரு நாள் உழைப்புக்குப் ‘பேர்’ என்றுதான் பெயர். செக்ரோல் புத்தகத்தில் இன்ன தேதிக்கு நேரே ஒன்று என்று எழுதினால் பேர் விழுந்தது. அரை என்று எழுதினால் அரைப் பேர். கட்டம் காலியாக இருந்தால் அன்றைக்கு அந்த ஆளுக்குப் பேரே இல்லை. தாய் தந்தையர் இட்ட நாமதேயத்துக்கும் தினக்கூலிக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்ட ஒரு சமூகத்தில், வேலை நின்றுபோனால் மனிதனிடம் மிஞ்சுவது என்ன என்ற கேள்வி வெறும் வேதாந்த விசாரணையாக இருக்க முடியாது.

1896-ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்னும் மலாக்காச் சீனர், சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்து அதிகாரி ரிட்லி அளித்த ஊக்கத்தினால், புக்கிட் லிந்தாங்கில் முதன்முதலாக வியாபாரத்துக்கென்று கித்தா பயிரிட்டார். பின்பு புக்கிட் அசஹானிலும் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களிலும் மரம் பரவப் பரவ, தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் ஜனங்களின் லயங்களும் கூடவே பரவின. அவ்வாறு ஜாசின் பக்கத்தில் அமைந்த ஒரு தோட்டத்திலே, எழுபதுகளின் பிற்பகுதியில் நான் சின்னக் கிராணியாக இருந்தேன். என் சின்னம்மா அதே தோட்டத்தில் மரம் சீவினாள். அவளுடைய நாள்களை எழுதியவன் நான். அந்தச் சங்கடம் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பால் வெட்டை அறியாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விடியற்காலையில் மரத்துக்குள்ளே பால் குழாய்களின் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற அது தணிந்துவிடும். ஆகவேதான் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் சீவுகிறார்கள். இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து மரத்தின் பாதிச் சுற்றளவைத் தழுவிச் செல்லும் கோட்டில், முதல் நாள் காய்ந்த ஒட்டுப்பாலை உரித்து எடுத்துவிட்டு, காகிதத்தைவிடச் சற்றே தடித்த பட்டையைக் கத்தி சீவிக்கொண்டு போகும். மரக்கட்டையைத் தொட ஒரு மில்லிமீட்டர் சொச்சம் இருக்கும்போதே கத்தி நின்றுவிட வேண்டும். அந்த எல்லை கண்ணுக்குத் தெரியாது, மணிக்கட்டுக்குத்தான் தெரியும். மீறினால் காயம். காயம் பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, சில வருஷங்களுக்குப் பிறகு அதே பக்கத்தைச் சீவ வருகிறவளைத் தண்டிக்கும். ஆனால் ஆழமாகச் சீவினால் இன்றைக்குப் பால் சற்று அதிகமாகவே வரும். தராசுக்கு இன்றைய தினம் மட்டுமே தெரியும் என்பதை இதைவிடத் துலக்கமாகக் காட்ட முடியாது.

பத்து மணிக்குமேல் மங்குகளிலுள்ள பாலை வாளிகளில் ஊற்றிச் சேர்த்து, காண்டாவில் தொங்கவிட்டுத் தோளில் சுமந்துகொண்டு பால் கொட்டகைக்கு வருவார்கள். அங்கே நான் அளப்பேன். பாலில் ரப்பர் எவ்வளவு, நீர் எவ்வளவு என்பதை மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவி சொல்லிவிடும். நல்ல பாலில் நூற்றுக்கு முப்பது முதல் முப்பத்தைந்து பங்கு ரப்பர். ஐந்நூறு மரம் சீவும் ஒருத்திக்கு மரத்துக்கு நாற்பது மில்லிலிட்டர் கிடைத்தால் இருபது லிட்டர். முப்பத்தைந்து பங்கு என்று கொண்டால் ஏழு கிலோ. பக்கத்து நிரையில் அதே ஐந்நூறு மரத்தை அதே நேர்த்தியோடு சீவியவளுக்கு, மரங்கள் கிழடாகிப்போன காரணத்தால் மரத்துக்கு முப்பது மில்லிலிட்டர்தான் ஊறியது என்றால் பதினைந்து லிட்டர். கணக்கில் ஐந்து கிலோ சொச்சம். மாசி பங்குனியில் இலை கொட்டும்போது இருவருக்குமே குறையும். சீவி முடித்த பின்பு மழை பிடித்துக்கொண்டால் மங்கு நிரம்பி வழிந்து பால் மண்ணோடு போகும். இவ்வளவு காரணங்களில் மனுஷி கைப்பட்டது ஒன்றோ இரண்டோதான். மீதியெல்லாம் மரமும் மழையும் செய்தவை. எனினும் புத்தகத்தில் அந்த எண் மரத்தின் பேருக்கு நேரே விழுவதில்லை. அவள் பேருக்கு நேரே விழுகிறது. ஏழு கிலோக்காரி தலை நிமிர்ந்து போவாள். ஐந்து கிலோக்காரி வாளியைக் கழுவும் சாக்கில் கடைசி ஆளாக நிற்பாள்.

இதை அவர்களுடைய மனப் பலவீனம் என்று சொல்கிறவர் லயத்து வாழ்க்கையை அறியாதவர். குடியிருந்த வீடு தோட்டத்தினுடையது; அங்கே குடியிருக்கும் உரிமை வேலையோடு பிணைந்தது; செக்ரோலில் பேர் நிற்கும் வரையில்தான் அடுப்பு எரியும் இடமும் நிற்கும். அப்படிப்பட்ட ஸ்திதியில் ஒருத்தி தன் மதிப்பைத் தராசில் வைத்துப் பார்த்தாள் என்றால், தராசு அவளுடைய கூரையையும் சேர்த்தே நிறுத்துக்கொண்டிருந்தது என்பதே காரணம். எண் உள்ளே போய் உட்கார்ந்தது பிற்பாடு நடந்தது. அதைவிட விசேஷமானது, கூரை மாறிய பின்பும் அது வெளியே வராததுதான்.

கித்தாவை அழித்துச் செம்பனை நட்டார்கள். நீண்ட கழியில் கட்டிய அரிவாளால் குலை தள்ளும் வேலை ஆண்களுக்குப் போயிற்று. பெண்களுக்கு உதிர்ந்த பழம் பொறுக்குவதும் உரம் போடுவதும் மிஞ்சின. நாற்பது வருஷம் ஒரு மில்லிமீட்டரை அறிந்திருந்த மணிக்கட்டுக்குப் பிரயோஜனமில்லாமற் போயிற்று. சின்னம்மா வேலையை விட்டு, மலாக்கா நகரத்தை அடுத்துள்ள மலிவு விலை வீட்டுக்கு மகனோடு குடிவந்தாள். சமையற்கட்டு மருமகளுடையது. நாலரை மணிக்கு எழுந்து குளித்துவிட்டு, விடியும் வரையில் வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள். மதியம் அனைவரும் உண்டபின்தான் தட்டை எடுப்பாள், அதுவும் அரைத்தட்டு. ஏன் என்று கேட்டேன்.

“பேரு விழாத நாளுக்கு எவ்வளவுடா தம்பி சாப்பிடறது?” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஆஸ்திரியாவில் மரியந்தால் என்று ஒரு நெசவாலைச் சிற்றூர். 1930-ஐ ஒட்டி ஆலை மூடப்பட்டதும் ஊரே வேலையிழந்தது. மாரீ யஹோடா முதலிய ஆராய்ச்சியாளர்கள் அங்கே சென்று தங்கிப் பார்த்ததை 1933-இல் வெளியிட்டார்கள். ஓய்வு மிகுந்தால் படிப்பு மிகும் என்று நாம் நினைப்போம்; அங்கோ நூலகத்திலிருந்து புத்தகம் எடுப்பது குறைந்துபோயிற்று. தெருவில் நடப்பவர்களைக் கவனித்தபோது, ஆண்கள் மெதுவாக நடந்து அடிக்கடி நின்றார்கள். வீட்டு வேலை மீந்திருந்த பெண்களோ நிற்காமல் வேகமாக நடந்தார்கள். சின்னம்மாவின் நடை எனக்கு அந்த ஆண்களையே நினைவூட்டியது. அவளுக்கு வீட்டு வேலையும் இல்லையே.

நான் செய்த உபகாரம் ஒன்றுண்டு. சும்மா இருப்பதால்தான் இந்த வியாகூலம் என்று தீர்மானித்து, காலையில் தோசை சுட்டு விற்கும்படி யோசனை சொன்னேன். அவளும் உற்சாகமாகவே ஆரம்பித்தாள், முகம் தெளிந்தது, சாப்பாடு முழுத்தட்டாயிற்று. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டிருந்த ஒரு நாள், அவள் நாட்காட்டியைத் தற்செயலாகப் பார்த்தேன். ஒவ்வொரு தேதிக்கும் நேரே பென்சிலால் ஓர் எண்: நாற்பது, முப்பத்தெட்டு, மழை பெய்த நாளுக்குப் பதினொன்று. பதினொன்று எழுதிய நாளன்று அவள் மறுபடியும் அரைத்தட்டுதான் உண்டாள் என்று மருமகள் சொன்னாள். தராசைக் கொட்டகையிலிருந்து தூக்கிவந்து வீட்டிலே வைத்துக் கொடுத்தவன் நானே. கிராணி புத்தி எங்கே போகும்?

அந்த வருஷம் மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலைக்கு அவளை அழைத்துப்போனேன். மலாக்காத் தோட்டத்து ஜனங்கள் எங்கெங்கோ சிதறிப்போன பின்பும் ஒருவரையொருவர் காணக்கூடிய இடம் அந்தக் கோயிலும் அந்தத் திருநாளும்தான். கூட்டத்தில் பழைய தோட்டத்துப் பெண்கள் நாலைந்து பேர் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். யாரும் யாருடைய கிலோவையும் பேசவில்லை. எனக்குச் சற்று ஏமாற்றமாகக்கூட இருந்தது, ஏனெனில் என் மனசில் அவர்கள் எல்லோரும் எண்களாகவே பதிந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி சின்னம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

“அக்கா, மூத்தவளைப் பெத்துட்டு நான் வேலைக்கு வந்த மாசம், ஆயா கொட்டகையில அது அழுவுதுன்னு நெஞ்சு அடிச்சுக்கும். உங்க நிரையப் பாதியில வெச்சுட்டு வந்து என் கடைசி மரங்களைச் சீவித் தருவீங்களே. பாலையும் என் வாளியிலேயே ஊத்திட்டுப் போவீங்க. வெயில் ஏறித்தான் உங்க மரத்துக்குப் போவீங்க.”

சின்னம்மா விழித்தாள். “நானா?” என்றாள். அடக்கத்துக்காகச் சொன்னதல்ல, அவளுக்கு நிஜமாகவே ஞாபகமில்லை. அளக்கப்பட்டவற்றை மாத்திரம் ஞாபகம் வைத்துக்கொள்ளப் பழகியவள், எந்தப் புத்தகத்திலும் ஏறாத அந்த மரங்களை எப்படி வைத்துக்கொண்டிருப்பாள்?

எனக்கு உடல் சிலிர்த்தது. வெயில் ஏறியபின் சீவிய மரத்தில் எவ்வளவு ஊறும் என்று எனக்குத் தெரியும். அந்த மாதத்தில் அவள் எண் குறைந்திருக்கும். குறைந்ததற்காகத் துரை கேட்டிருப்பார். காரணக் கட்டத்தில் நான் ஏதேனும் எழுதியிருப்பேன். மரம் கிழடு என்றோ, ஆள் சோம்பல் என்றோ. என்ன எழுதினேன் என்பது இப்போது நினைவில்லை. நல்லதாக எழுதியிருக்க மாட்டேன் என்பது மட்டும் நிச்சயம்.

திரும்பும்போது பேருந்தில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். மறுநாள் தோசைக்கு அரிசி ஊறப்போட்டிருக்கிறதா என்று நான் கேட்டதற்கு அவள் பதில் சொல்லவில்லை. வீடு நெருங்குகையில் திடீரென்று என் பக்கம் திரும்பினாள்.

“அந்தக் கொழந்தை பேரு என்னான்னுடா சொன்னா?”

(தொடரும்)