ஆழம் சுமையைக் குறைக்கும், வேகம் தசைக்கு வேலை கொடுக்கும்

முழங்கால் தேய்மானம் உள்ள, 70 கிலோ எடையுள்ள ஒரு பெண்மணி நீச்சல் குளத்தில் இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். நீச்சல் தெரிந்திருக்க வேண்டியதில்லை, நின்றால் போதும். இடுப்பெலும்பு வரை தண்ணீர் வந்ததும் அவர் பாதங்கள் தாங்கும் எடை ஏறத்தாழ பாதியாகிவிடும். நெஞ்செலும்பின் கீழ்முனை வரை இறங்கினால் சுமார் 20 கிலோ. கழுத்தளவில் ஆறேழு கிலோதான். உடல் எவ்வளவு தண்ணீரை விலக்குகிறதோ, அந்தத் தண்ணீரின் எடைக்குச் சமமான விசை உடலை மேலே தள்ளுகிறது. மனித உடலின் அடர்த்தி தண்ணீரின் அடர்த்திக்கு மிக அருகில் இருப்பதால்தான் இவ்வளவு சுமை குறைகிறது.

ஆனால் இவை அசையாமல் நிற்கும்போதுள்ள கணக்கு. இடுப்பளவுத் தண்ணீரில் வேகமாக நடந்தால், காலில் விழும் சுமை உடல் எடையின் முக்கால் பங்கு வரை ஏறிவிடலாம். வலி அதிகம் உள்ளவர்களுக்கு மார்பளவு ஆழம் பொருத்தம் என்பது இதனால்தான்.

எடை போய்விட்டால் தசைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். அந்த வேலையைத் தண்ணீரின் இழுவிசை தருகிறது. மிதப்பு விசை மேல்நோக்கி மட்டுமே தள்ளும். இழுவிசையோ நாம் எந்தப் பக்கம் அசைந்தாலும் அதற்கு எதிராக நிற்கும். குளத்தின் சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண்மணி ஒரு காலை முன்னும் பின்னும் வீசட்டும். முன்னே வீசும்போது இடுப்பின் முன்பக்கத் தசைகளும், பின்னே இழுக்கும்போது பிட்டத் தசைகளும் உழைக்கும். தரையில் தூக்கிய காலை ஈர்ப்புவிசையே கீழே கொண்டுவந்துவிடும். இங்கே திரும்பி வருவதற்கும் தசை உழைத்தாக வேண்டும்.

இழுவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இரண்டு நொடியில் வீசிய காலை ஒரே நொடியில் வீசினால் எதிர்ப்பு இரு மடங்கல்ல, ஏறக்குறைய நான்கு மடங்கு. வலித்தால் வேகத்தைக் குறைத்தால் போதும், எதிர்ப்பும் அப்போதே சரிந்துவிடும். டம்பெல்லிடம் இந்தத் தாட்சண்யம் கிடையாது! மறுபுறம், ஆற அமர அசைபவருக்குத் தண்ணீர் எந்தப் பயிற்சியும் தராது. பல குளங்களில் நான் காணும் குறை இதுதான்: அரட்டையடித்தபடி மெல்ல உலாவுவார்கள். பேச்சுக்கு இடையே மூச்சு வாங்கவில்லை என்றால் வேகம் போதவில்லை. பாதம் தரையில் பதியாமல் உடல் தத்தளித்தால் ஆழம் அதிகம்.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. படியிறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. தண்ணீரில் அந்த வகை உழைப்பு மிகக் குறைவு. அதனால் குளத்தில் தேறிய முழங்கால், வீட்டு மாடிப்படியில் தடுமாறலாம். வலி தணிந்த பிறகு, தாழ்வான ஒரு படியில் கைப்பிடியைப் பிடித்தபடி மெல்ல இறங்கிப் பழகுவதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.