இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவே
ஒன்றைக் காப்பாற்றப் போனால் இன்னொன்று கெடுமோ என்ற அச்சம். நீர் எடுப்பதை எப்போது நிறுத்துவது?

இதயம் பலவீனமாகி, கால்கள் வீங்கி, மூச்சு வாங்குகிற நிலையில் வருபவருக்கு டாக்டர்கள் முதலில் செய்வது உடம்பிலிருந்து நீரை எடுப்பது. சிறுநீர் பிரிகிறது, மூச்சு சீராகிறது. மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் ஏறியிருக்கிறது. சிறுநீரகம் கெடுகிறது என்று பயந்து மருந்தைக் குறைக்கிறார்கள். பாதி நீர் உள்ளேயே தங்கிவிட, நோயாளி வீடு திரும்புகிறார். சில வாரங்களில் மறுபடி அதே கட்டில்.

இந்தச் சிக்கலுக்கு கார்டியோரீனல் சிண்ட்ரோம் என்று பெயர். இதயம் சரியாகப் பம்ப் செய்யாததால் சிறுநீரகத்துக்கு ரத்தம் போதவில்லை என்பதுதான் நீண்ட காலம் சொல்லப்பட்ட விளக்கம். அது பாதி உண்மைதான். சிறுநீரகம் வேலை செய்வது தமனிக்கும் சிரைக்கும் உள்ள அழுத்த வித்தியாசத்தால். சாதாரணமாக தமனியில் 90, சிரையில் 5 என்றால் வித்தியாசம் 85. இதயம் தளர்ந்து ரத்தம் பின்னால் தேங்கும்போது தமனியில் 75, சிரையில் 22 என்றாகலாம். எஞ்சுவது 53. இறுக்கமான உறைக்குள் இருக்கும் சிறுநீரகம் வீங்கவும் வழியில்லாமல் திணறுகிறது. அதோடு ‘உடம்பில் நீர் வற்றிவிட்டது’ என்று தவறாகப் புரிந்துகொண்டு உப்பையும் நீரையும் மேலும் பிடித்து வைக்கிறது. அந்தச் சுமை மீண்டும் இதயத்தின் தலையில்தான் விழுகிறது.

ஆக, தேங்கிய நீரை எடுப்பதே பல சமயங்களில் சிறுநீரகத்துக்கும் வைத்தியம்.

உதாரணத்துக்கு, நாக்பூரில் ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வழக்கமான எடை 64 கிலோ. இப்போது 72. கிரியாட்டினின் வழக்கமாக 1.3, இன்று 1.8. வீட்டில் தினமும் 80 மில்லிகிராம் ஃப்ரூசமைட் மாத்திரை சாப்பிட்டும் பயனில்லை. குடலும் வீங்கியிருப்பதால் மாத்திரை மெதுவாகத்தான் ரத்தத்தில் சேர்கிறது. எனவே அதே 80 மில்லிகிராம் ஊசியாகச் செலுத்தப்படுகிறது.

இரண்டு மணி நேரம் கழித்து சிறுநீரில் சோடியம் பார்க்கிறார்கள். 50 முதல் 70க்குக் கீழே இருந்தால் மருந்து போதவில்லை என்று அர்த்தம். இவருக்கு 38. இந்த மருந்துக்கு ஒரு வாசல் உண்டு; அதைத் தாண்டும் அளவு மருந்து சிறுநீரகக் குழாய்க்குள் சேராவிட்டால் எத்தனை முறை கொடுத்தாலும் வீண். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் உள்ளே சேரும் மருந்தும் குறைவு. ஆகவே ஊசியின் அளவு 160 ஆக்கப்படுகிறது. சோடியம் 95க்கு உயர்கிறது. சிறுநீர் மளமளவென்று பிரிகிறது.

நான்காம் நாள் எடை 67. கிரியாட்டினினோ 2.2. தடுமாறும் இடம் இதுதான். அந்த ஒற்றை எண்ணை மட்டும் பார்த்தால் ஊசியை நிறுத்தத் தோன்றும். ஆனால் கழுத்துச் சிரை இன்னும் புடைத்திருக்கிறது, பாதத்தில் வீக்கம் இருக்கிறது, ரத்த அழுத்தம் நிலையாக இருக்கிறது. ஹீமோகுளோபின் 11லிருந்து 11.8 ஆகியிருக்கிறது, ரத்தக் குழாயிலிருந்த அதிகப்படி நீர் வெளியேறி ரத்தம் கெட்டியாவதன் அடையாளம் அது. எனவே பொட்டாசியத்தைக் கவனித்தபடி தொடர்கிறார்கள். ஏழாம் நாள் எடை 64.5, கிரியாட்டினின் 1.6.

இதே 2.2, கழுத்துச் சிரை வற்றி, எழுந்து நின்றதும் தலைசுற்றி அழுத்தம் இறங்குகிற நோயாளியிடம் இருந்தால் கதை வேறு. நீர் அளவுக்கு மீறி எடுக்கப்பட்டுவிட்டது. ஊசியை நிறுத்த வேண்டும். எடை குறையாமல், சிறுநீரும் பிரியாமல், கை கால் சில்லிட்டு கிரியாட்டினின் மட்டும் ஏறினால் அது மூன்றாவது கதை. அங்கே பம்ப்பே போதவில்லை. இதயத்துக்கு உந்துதல் தரும் மருந்து தேவைப்படலாம்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 308 பேரிடம் நடந்து 2011இல் வெளியான ‘டோஸ்’ ஆய்வில், மாத்திரையைப் போல இரண்டரை மடங்கு மருந்து ஊசியில் பெற்றவர்களில் 23 சதவீதம் பேருக்கு மூன்று நாளில் கிரியாட்டினின் ஏறியது. குறைந்த அளவு பெற்றவர்களில் 14 சதவீதம். அறுபதாம் நாளில் இந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. இயந்திரம் வைத்து ரத்தத்திலிருந்து நேரடியாக நீரை வடிப்பது மேல் என்ற நம்பிக்கையும் பொய்த்தது. 2012இல் வெளியான இன்னொரு ஆய்வில் இரு வழியிலும் எடை ஏறக்குறைய சமமாகவே குறைந்தது. இயந்திரத்தில் வடித்தவர்களுக்குத்தான் சிறுநீரகம் கூடுதலாகப் பாதிக்கப்பட்டது.

நாக்பூர்க்காரர் வீட்டுக்குப் போகும்போது சீட்டில் எழுதித் தரப்படுவது 64.5 கிலோ என்ற எண். தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன் எடை பார்க்க வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் டாக்டரிடம் போக வேண்டும். வாந்தி பேதி வந்தாலும் அப்படியே, அப்போது நீர் மாத்திரையே பகையாகிவிடும். மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் தானாக வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரூஃபன் மாத்திரைகள் வேண்டவே வேண்டாம். சிறுநீரகத்தின் ரத்தக் குழாயைச் சுருக்கி, நீர் மாத்திரையின் வேலையையும் அவை கெடுத்துவிடும்.