பட்டனுக்கும் படத்துக்கும் நடுவே

சினிமா தடங்கலின்றி ஓடும் அதே இணையத்தில் கிளவுட் கேம் மட்டும் திணறும். 100 எம்பிபிஎஸ் பிளான் போட்ட வீட்டிலும் இது நடக்கிறது. வேகம் போதவில்லை என்று நினைத்து 200க்கு மாறுகிறார்கள். மாதக் கட்டணம்தான் ஏறுகிறது.

கிளவுட் கேமிங்கில் விளையாட்டு நம் கன்சோலில் ஓடுவதில்லை. எங்கோ ஒரு டேட்டா சென்டரில் ஓடுகிறது. பட்டனை அழுத்தினால் செய்தி அங்கே போகிறது. அங்கே காட்சி உருவாகி, வீடியோவாகச் சுருங்கி, நம் திரைக்குத் திரும்புகிறது. சினிமா என்றால் அடுத்த ஒரு நிமிடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம். நடுவில் இணையம் சற்றுத் தடுமாறினாலும் நமக்குத் தெரியாது. விளையாட்டில் அடுத்த காட்சி நாம் இன்னும் அழுத்தாத பட்டனைப் பொறுத்தது. இறக்கி வைக்க எதுவுமே இல்லை.

இதற்குத் தேவையான வேகம் பெரிதல்ல. சோனி தன் பிளேஸ்டேஷன் ஸ்ட்ரீமிங்குக்கு 1080பி தரத்தில் கேட்பது 13 எம்பிபிஎஸ். என்விடியாவின் ஜிஃபோர்ஸ் நவ் அதே தரத்துக்கு 25 கேட்கிறது. சாதாரண ஃபைபர் இணைப்பே இதைத் தாங்கும். ஜிஃபோர்ஸ் நவ் இன்னொன்றும் கேட்கிறது: செய்தி சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம் 80 மில்லிசெகண்டுக்குள் இருக்க வேண்டும், 40க்குள் இருந்தால் நல்லது. பிளான் விளம்பரங்களில் இந்த எண் இருக்காது. விளையாட்டைத் தீர்மானிப்பது இதுதான்.

இந்த நேரத்தில் ஒரு பகுதி தூரத்துக்குப் போகிறது. ஃபைபர் கம்பிக்குள் ஒளி 100 கிலோமீட்டர் போய்த் திரும்ப ஒரு மில்லிசெகண்ட் ஆகிறது. சென்னையில் விளையாடுகிறோம், சர்வர் மும்பையில் என்றால், நேர்கோட்டில் போனாலே 10 மில்லிசெகண்ட். கம்பி நேர்கோட்டில் போவதில்லை. வழியில் கருவிகளும் உண்டு. ஆகவே நடைமுறையில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆகும். இதைக் குறைக்க நம்மால் முடிந்தது, சேவை அனுமதித்தால் அருகிலுள்ள சர்வரைத் தேர்ந்தெடுப்பது மட்டுமே.

நம் கையில் இருப்பது வீட்டுக்குள் சேரும் தாமதம். மாலையில் ஒருவர் கையடக்கக் கன்சோலில் கார் பந்தயம் ஆடுகிறார். அதே நேரத்தில் அம்மாவின் போன் வைஃபையில் இணைந்து, கல்யாண வீடியோக்களைக் கூகுள் போட்டோஸுக்கு ஏற்றத் தொடங்குகிறது. இணைப்பின் அப்லோடு வேகம் 10 எம்பிபிஎஸ் என்று வைப்போம். போன் அதைவிட வேகமாகத் தள்ளும். மிஞ்சியதை ரௌட்டர் தன் நினைவகத்தில் வரிசையாக நிறுத்தும். அந்த வரிசை ஒரு மெகாபைட் அளவுக்கு வளர்ந்தால் அது 8 மெகாபிட், வெளியேற 0.8 செகண்ட் வேண்டும். பிரேக் பட்டனின் செய்தி மிகச் சிறியது. ஆனால் சுங்கச்சாவடியில் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட பைக் போல, அந்த 0.8 செகண்டையும் அது காத்தே தீர வேண்டும். அதற்குள் கார் வளைவைத் தாண்டிச் சுவரில் மோதியிருக்கும். ஸ்பீட் டெஸ்ட் எடுத்துப் பார்த்தால் டவுன்லோடு வேகம் கண்ணைப் பறிக்கும். இந்த வரிசை அதில் தெரியாது. 'பஃபர்புளோட்' என்று இதற்குப் பெயர்.

கண்டுபிடிப்பது எளிது. அதே ரௌட்டரில் இணைந்த விண்டோஸ் கணினியில் இதை ஓட்டுங்கள்:

```
ping -t 8.8.8.8
```

வீட்டில் யாரும் இணையத்தைப் பயன்படுத்தாதபோது வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு போனிலிருந்து ஒரு பெரிய வீடியோவை ஏற்றுங்கள். 25 ஆக இருந்தது 40 ஆனால் கவலையில்லை. 300, 500 என்று தாவினால் வரிசை உங்கள் வீட்டில்தான் நிற்கிறது. ரௌட்டரில் எஸ்க்யூஎம் என்ற வசதி இருந்தால் அதை இயக்கி, வேக வரம்பை உண்மையான அப்லோடு, டவுன்லோடு வேகங்களில் சுமார் 90 சதவீதத்தில் வையுங்கள். சிறிய செய்திகளுக்கு அது வழிவிடும். வரிசை நீளாமலும் பார்த்துக்கொள்ளும். பத்து சதவீத வேகத்தை இழப்பது இங்கே லாபம்தான். எஸ்க்யூஎம் இல்லாத ரௌட்டர் என்றால், போன்களின் பேக்கப்பை இரவுக்குத் தள்ளிவைப்பதே வழி.

யாரும் எதையும் ஏற்றாதபோதே எண்கள் 20, 90, 25, 140 என்று குதித்தால் சந்தேகம் வைஃபை மேல் போக வேண்டும். நொடிக்கு 60 காட்சிகள் என்றால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 16.7 மில்லிசெகண்ட். ஒரு காட்சி 50 மில்லிசெகண்ட் பிந்தினால் திரை மூன்று காட்சிகளுக்கு உறைந்து நிற்கும். கன்சோலை லேன் கேபிளில் இணைத்துவிடுங்கள். கையடக்கக் கருவியை 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாற்றி, ரௌட்டர் இருக்கும் அறையிலேயே விளையாடிப் பாருங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் சுவர்களைத் தாண்டும்போது பலம் இழக்கும்.

எண்களெல்லாம் சரி, ஆனாலும் கை ஒன்று செய்ய, கண் அதைப் பிந்திப் பார்க்கிறதா? டிவியைக் கவனியுங்கள். படத்தை மெருகேற்றும் வேலைக்கே சில டிவிகள் 100 மில்லிசெகண்ட் வரை எடுத்துக்கொள்ளும். அமைப்புகளில் 'கேம் மோட்' போட்டால் அந்த வேலை பெரும்பாலும் நின்றுவிடும்.