டாலருக்கு ஒரு உச்சவரம்பு

2013 மே மாதம். கோவையில் ஒரு நூற்பாலை வெளிநாட்டிலிருந்து 1 லட்சம் டாலருக்கு இயந்திரம் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். பணம் கட்ட வேண்டியது ஆகஸ்ட் கடைசியில். அன்றைக்கு டாலர் 55 ரூபாய் 50 காசு. மூன்று மாதத்தில் அது எங்கே நிற்கும் என்று முதலாளிக்கும் தெரியாது, வங்கிக்கும் தெரியாது.

பார்வர்டு ஒப்பந்தம் போட்டால் 56.30 என்பதுபோல ஒரு விலை உறுதியாகிவிடும். ஆனால் டாலர் 53-க்கு இறங்கினாலும் 56.30 கொடுத்தே தீரவேண்டும். அந்தக் கட்டாயம் வேண்டாம் என்பவர்களுக்குத்தான் ‘கால் ஆப்ஷன்’. குறித்த தேதியில் 57 ரூபாய்க்கு டாலர் வாங்கும் உரிமையை வங்கியிடம் விலைக்கு வாங்குகிறார். அந்த விலைதான் பிரீமியம். டாலருக்கு 70 காசு என்றால் 70,000 ரூபாய். முன்கூட்டியே கட்ட வேண்டும், திரும்பி வராது.

இப்போது அவருடைய மோசமான விலை 57.70. இயந்திரத்துக்கு எத்தனை ஆனாலும் 57 லட்சத்து 70 ஆயிரத்தைத் தாண்டாது என்று கடன் விண்ணப்பத்திலேயே எழுதிவிடலாம்.

அந்த ஆண்டு நிஜமாகவே நடந்ததைப் பாருங்கள். அமெரிக்க மத்திய வங்கி பத்திரம் வாங்குவதைக் குறைக்கலாம் என்று மே 22-இல் அதன் தலைவர் பெர்னான்கி கோடிகாட்டினார். ரூபாய் சரியத் தொடங்கி, ஆகஸ்ட் 28-இல் டாலர் 68 ரூபாயைத் தாண்டியது. ஆப்ஷன் இல்லாதவருக்குச் செலவு 68 லட்சத்துக்கு மேல். நம்மவர் 57-க்கு வாங்கிக்கொள்வார். மாறாக டாலர் 53-க்கு இறங்கியிருந்தால் ஆப்ஷனைக் கிடப்பில் போட்டுவிட்டுச் சந்தையில் வாங்கியிருப்பார். பிரீமியம் சேர்த்து 53.70.

பிரீமியம் கண்ணை உறுத்தும்போதுதான் ‘செலவே இல்லாத’ திட்டங்கள் மேஜைக்கு வரும். அதில், இறக்குமதியாளர் தானும் ஒரு ஆப்ஷனை வங்கிக்கு விற்கிறார். உதாரணமாக, டாலர் 55-க்குக் கீழே போனாலும் 55-க்கே வாங்குவேன் என்ற வாக்குறுதி. தொகை அதே 1 லட்சம் டாலராக இருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை, சரிவின் லாபம்தான் போகும். இரண்டு மடங்குக்கு வாக்குக் கொடுத்தால் அது பாதுகாப்பில்லை, சூதாட்டம்.

அதிகம் கவனிக்காத இடம் தேதி. ஆப்ஷன் ஆகஸ்டில் முடிந்து, கப்பல் தாமதமாகி, பணம் செப்டம்பரில் கட்ட நேர்ந்தால்? அன்றுவரை சேர்ந்த லாபத்தை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் மீதி நாட்களுக்குப் புதிய ஆப்ஷன் வேண்டும். சந்தை பதறியிருக்கும் நேரத்தில் அதன் விலையும் கூடியிருக்கும். அதனால் விவரமறிந்தவர்கள் முதலிலேயே இரண்டு மூன்று வாரம் தள்ளித் தேதி குறித்து, கொஞ்சம் கூடுதல் பிரீமியம் கட்டிவிடுகிறார்கள். பணம் முன்னதாகக் கட்டியாகிவிட்டால், மிச்சமிருக்கும் ஆப்ஷனை வங்கியிடமே திருப்பி விற்றுவிடலாம்.