சோப்பு வாங்கும் முன் ஒரு கடிதம்

வீட்டில் குப்பைமேனி சோப்பும் மஞ்சள் சோப்பும் செய்து இன்ஸ்டாகிராமில் விற்பவர்களிடம் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்வி, "கெமிக்கல் எதுவும் இல்லைதானே?" என்பது. "நூறு சதவீதம் இயற்கை" என்று பதில் வரும். பணம் போய்ச் சேரும், பார்சல் வந்து சேரும். சோப்பைப் பற்றி மட்டும் வாங்கியவருக்கு எதுவும் தெரிந்திருக்காது.

அதற்குப் பதிலாக இப்படி ஒரு கடிதம் அனுப்பலாம்:

"வணக்கம் மேடம். உங்கள் குப்பைமேனி சோப்பில் என்னென்ன எண்ணெய்கள், எந்த அளவில் சேர்க்கிறீர்கள்? காஸ்டிக் சோடா எவ்வளவு? கெட்டுப்போகாமலிருக்க என்ன சேர்க்கிறீர்கள்? எந்தத் தேதியில் அச்சில் ஊற்றியது, எத்தனை நாள் காய வைத்தது? ஃபேஸ்வாஷிலும் அதே முறைதானா?"

காஸ்டிக் சோடா என்றதும் பயப்பட வேண்டாம். அது இல்லாமல் எண்ணெய் கட்டி சோப்பாகாது. ஒரு கணக்கைப் பார்ப்போம். 700 கிராம் தேங்காய் எண்ணெய், 200 கிராம் நல்லெண்ணெய், 100 கிராம் விளக்கெண்ணெய். இந்த ஒரு கிலோவை முழுவதும் சோப்பாக்க ஏறத்தாழ 168 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். கவனமாகச் செய்பவர்கள் ஐந்து சதவீதம் குறைத்து 160 கிராம் அளவில் நிறுத்திக்கொள்வார்கள். அப்போது காரம் முழுவதும் எண்ணெயோடு சேர்ந்து தீர்ந்துவிடும். கொஞ்சம் எண்ணெய் மட்டும் மிஞ்சி நிற்கும். ஒவ்வோர் எண்ணெய்க்கும் தேவைப்படும் காரம் வேறு என்பதால், அளவு தெரியாமல் எண்ணெயை மாற்றினால் சோப்பு தோலை எரிக்கும்.

"நாங்கள் சோடாவே சேர்ப்பதில்லை" என்று பதில் வந்தால், அவர் சோப் பேஸ் வாங்கி உருக்கி ஊற்றுகிறார் என்று ஊகிக்கலாம். அதில் தவறில்லை. ஆனால் அந்த பேஸிலும் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும். வேறெங்கோ யாரோ காரம் சேர்த்துச் செய்ததுதான் அதுவும்.

நிறமும் கொஞ்சம் உளவு சொல்லும். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் தண்ணீர் சிவக்கிறதல்லவா? காரத்தில் விழும் மஞ்சளுக்கு இங்கேயும் அதே கதிதான். சிவந்து, பிறகு பழுப்பாக மங்கும். இலைச்சாற்றின் பச்சையும் நாளடைவில் பழுப்பேறும். எண்ணெயும் காரமும் கலந்து செய்த குப்பைமேனி சோப்பு பல மாதம் கழித்தும் பளிச்சென்று பச்சையாக இருந்தால், தனியாக நிறம் சேர்த்தார்களா என்று கேட்பது நியாயமே.

கெட்டுப்போவதைப் பற்றிய கேள்விக்கு, "வைட்டமின் ஈ சேர்க்கிறோம்" என்பது பலரும் சொல்லும் பதில். அது பாதி பதில். வைட்டமின் ஈ எண்ணெய் சிக்கெடுப்பதைத் தள்ளிப்போடும், கிருமியைத் தடுக்காது. கட்டி சோப்புக்குக் கிருமித்தடுப்பு அவ்வளவாகத் தேவையும் இல்லை. அதன் பிஎச் 9, 10 அளவில் இருக்கும், உள்ளே தண்ணீரும் குறைவு. பாக்டீரியாவும் பூஞ்சையும் அதில் எளிதில் வளர முடியாது.

கட்டி சோப்பைக் கெடுப்பது காற்றும் ஈரமும்தான். மிஞ்சிய எண்ணெய் சிக்கெடுத்தால் மேலே ஆரஞ்சு நிறப் புள்ளிகள் தெரியும். முகர்ந்தால் பழைய எண்ணெய் வாடை அடிக்கும். சூரியகாந்தி எண்ணெய் அதிகமாகச் சேர்த்த சோப்பில் இது சீக்கிரம் வரும், தேங்காய் எண்ணெய் அதிகமானதில் மெதுவாக வரும். ஏற்கெனவே பழசாகிவிட்ட எண்ணெயில் செய்திருந்தால் எந்தத் தேதியை அச்சடித்தும் பயனில்லை. அதனால் ஆயுள் "இரண்டு வருடம்" என்று சொன்னால், அதே தொகுப்பில் ஒரு கட்டியை எடுத்துவைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டுவிட வேண்டும். ஊற்றிய சோப்பை நான்கு முதல் ஆறு வாரம் காய வைப்பது வழக்கம்; அவசரப்பட்டு அனுப்பினால் சோப்பு மெத்தென்று இருந்து குளியலறையில் சீக்கிரம் கரையும்.

ஃபேஸ்வாஷ் கதை வேறு. கற்றாழைச் சாறும் தண்ணீரும் உள்ள திரவத்தில், தோலின் பிஎச்சுக்கு நெருக்கமாக வைத்தால், கிருமிகள் தாராளமாக வளரும். சோடியம் பென்சோயேட் போன்ற கிருமித்தடுப்பான் அவசியம். அதுவும் புளிப்புத்தன்மை உள்ள திரவத்தில்தான் வேலை செய்யும். காரமான திரவ சோப்பில் சேர்த்தும் சேர்க்காத மாதிரிதான். ஆகவே எதைச் சேர்த்தார்கள் என்பதோடு, திரவத்தின் பிஎச் என்ன என்பதையும் கேட்க வேண்டும். "ப்ரிசர்வேட்டிவ் ஃப்ரீ" என்று பெருமையாக எழுதிய தண்ணீர் கலந்த ஃபேஸ்வாஷை வாங்காமலிருப்பதே நல்லது.

இந்தியச் சட்டத்தில் குளியல் சோப்பும் அழகுசாதனப் பொருள்தான். 2020-ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளின்படி, விற்பனைக்குச் செய்பவர் மாநில அதிகாரியிடம் உற்பத்தி உரிமம் பெற வேண்டும். உரிம எண், தயாரிப்பாளர் முகவரி, பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதி ஆகியவை லேபிளில் இருக்க வேண்டும். கடிதத்தின் கடைசி வரியில், லேபிளைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.